கைக்கு வராத லாபத்துக்கும் வரி

சட்டத்தின் கண்ணில் நிறுவனம் ஒரு தனி ஆள். அதன் பங்குகள் முழுவதும் ஒருவரிடமே இருந்தாலும் நிறுவனத்தின் லாபம் அவருடைய வருமானம் ஆகிவிடாது. லாபத்தை ஈவுத்தொகையாகப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் அது பங்குதாரரின் வருமானமாகிறது. வெளிநாட்டில் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கும் தாய் நிறுவனத்துக்கும் இதே விதிதான். துணை நிறுவனம் ஈட்டும் லாபத்துக்கு அந்த நாட்டில் வரி உண்டு. சொந்த நாட்டின் வரி, பணம் ஈவுத்தொகையாகத் தாய் நிறுவனத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்கும். எப்போது ஈவுத்தொகை கொடுப்பது என்று முடிவு செய்வதும் தாய் நிறுவனமே. அதாவது, எப்போது வரி கட்டுவது என்பதை வரி கட்டவேண்டியவரே தீர்மானிக்கலாம்.

இந்த வசதியைக் குறைக்க வந்ததுதான் கட்டுப்பாட்டிலுள்ள அயல்நாட்டு நிறுவன விதி. வரித்துறை வட்டாரத்தில் இதைச் சி.எஃப்.சி. விதி என்பார்கள். துணை நிறுவனத்தின் லாபத்தில் குறிப்பிட்ட ஒரு பகுதி, ஈவுத்தொகையாக வராவிட்டாலும், ஈட்டிய ஆண்டிலேயே தாய் நிறுவனத்தின் வருமானத்தில் சேர்த்து வரி விதிக்கப்படும் என்பதே இதன் சாரம். இதைப் பரந்த அளவில் முதலில் கொண்டுவந்த நாடு அமெரிக்கா. அங்கே எந்தப் பழக்கத்தைப் பார்த்து இந்த விதி பிறந்ததோ, அதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஆண்டு 1961. அமெரிக்காவில் நிறுவன வரி 52 சதவீதம். ஓஹாயோ மாநிலத்தில் உள்ள ஓர் ஆலை 600 டாலர் செலவில் ஓர் இயந்திரத்தைச் செய்து, ஜெர்மனியில் ஒருவருக்கு 1,000 டாலருக்கு விற்கிறது. லாபம் 400 டாலர், வரி 208 டாலர். இப்போது அந்த ஆலை ஸ்விட்சர்லாந்தில் ஒரு விற்பனை நிறுவனத்தைத் தொடங்குகிறது. ஓஹாயோ ஆலை இயந்திரத்தை ஸ்விஸ் நிறுவனத்துக்கு 700 டாலருக்கு விற்கிறது. ஸ்விஸ் நிறுவனம் அதையே ஜெர்மானியருக்கு 1,000 டாலருக்கு விற்கிறது. இயந்திரம் ஸ்விட்சர்லாந்து மண்ணைத் தொடுவதே இல்லை. கப்பல் அமெரிக்காவிலிருந்து நேரே ஹாம்பர்க் போகிறது. ஸ்விட்சர்லாந்து வழியாகப் போவது விலைப்பட்டியல் மட்டும்தான்.

ஆனால் வரிக் கணக்கு மாறிவிடுகிறது. ஓஹாயோவில் லாபம் 100 டாலர், அதற்கு வரி 52 டாலர். ஸ்விஸ் நிறுவனத்தின் லாபம் 300 டாலர். அங்கே வரி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 24 டாலர். மொத்தம் 76 டாலர்தான். முன்பு கட்டிய 208 டாலரில் 132 டாலர் மிச்சம். ஸ்விஸ் நிறுவனத்தின் கணக்கில் வரிபோக 276 டாலர் தங்கியிருக்கிறது.

அந்த 132 டாலர் தள்ளுபடியான தொகை அல்ல. ஸ்விஸ் நிறுவனம் என்றைக்காவது ஈவுத்தொகை அனுப்பினால் அமெரிக்கா தன் வரியைக் கணக்கிட்டு, ஸ்விட்சர்லாந்தில் கட்டிய 24 டாலரைக் கழித்துக்கொண்டு, மீதியை வாங்கிவிடும். ஆகவே இது தவணை தள்ளிப்போன கடன். இதில் என்ன பெரிய லாபம் என்று தோன்றலாம். லாபம் காலத்தில் இருக்கிறது. பணத்துக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் வருவாய் கிடைக்குமானால், 20 ஆண்டு கழித்துக் கட்டவேண்டிய 132 டாலருக்கு இன்று ஒதுக்கிவைக்க வேண்டியது ஏறத்தாழ 34 டாலர்தான். வட்டியில்லாமல், திருப்பித்தரும் நாளும் குறிக்காமல், அரசிடமிருந்து வாங்கிய கடன் இது. ஈவுத்தொகை ஒருபோதும் வராவிட்டால் கடன் அடையவே அடையாது. உள்நாட்டிலேயே தொழில் நடத்தும் போட்டியாளருக்கு இந்தக் கடன் கிடைக்காது. சி.எஃப்.சி. விதியின் நியாயம் முழுவதும் இந்த ஒப்பீட்டில்தான் நிற்கிறது.

1961 ஏப்ரலில் அதிபர் கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய வரிச் செய்தியில், வளர்ந்த நாடுகளில் உள்ள துணை நிறுவனங்களின் லாபத்துக்கு இந்தத் தள்ளிவைப்பையே நிறுத்திவிடவேண்டும் என்று கேட்டார். வரிப் புகலிடமாக ஸ்விட்சர்லாந்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். தொழில் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. ஜெர்மனியில் உண்மையாகவே ஆலை நடத்தும் அமெரிக்க நிறுவனம், பக்கத்தில் இருக்கும் ஜெர்மானிய ஆலையைவிடக் கூடுதல் வரி கட்டினால் எப்படிப் போட்டி போடும் என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1962 அக்டோபரில் நிறைவேறிய வருவாய்ச் சட்டம் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தது. தொழில் நடக்கும் இடத்தில் விளையும் லாபம் காத்திருக்கலாம்; எளிதில் இடம் மாற்றக்கூடிய லாபம் காத்திருக்கக் கூடாது. சட்டத்தில் அந்தப் பகுதிக்குக் கிடைத்த இடக்குறி 'சப்பார்ட் எஃப்'. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயரிலேயே அது நிற்கிறது.

அதன்படி முதலில் பார்ப்பது கட்டுப்பாடு. ஒவ்வொருவரும் குறைந்தது 10 சதவீதம் வைத்திருக்கும் அமெரிக்கப் பங்குதாரர்கள் சேர்ந்து 50 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தால் அது கட்டுப்பாட்டிலுள்ள அயல்நாட்டு நிறுவனம். சரியாக 50 சதவீதம் என்றால் மாட்டாது. அதனால் சட்டம் வந்த கையோடு ஒரு தந்திரமும் வந்தது. வெளிநாட்டு நண்பர் ஒருவருக்கு நிலையான ஈவு தரும் முன்னுரிமைப் பங்குகளைக் கொடுத்து, அவற்றுக்குப் பாதி வாக்குரிமையையும் ஒட்டிவைப்பது. காகிதத்தில் கட்டுப்பாடு பாதியாகிவிடும். வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்த வாக்கை அவர் உண்மையில் சுதந்திரமாகப் பயன்படுத்துவாரா, லாபத்தில் அவருக்கு உண்மையான பங்கு இருக்கிறதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பெயருக்குத் தரப்பட்ட வாக்கு வாக்காகாது என்று 1970களில் தீர்ப்புகள் வந்தன.

அடுத்தது வருமானத்தின் வகை. வட்டி, ஈவுத்தொகை, ராயல்டி, வாடகை போன்ற உட்கார்ந்த இடத்தில் வரும் வருமானம் ஒன்று. ஓஹாயோ கணக்கில் பார்த்த இடைத்தரகு விற்பனை லாபம் இன்னொன்று. சரக்கைத் தன் குழும நிறுவனத்திடமிருந்து வாங்கி, அல்லது அதற்கு விற்று, அந்தச் சரக்கு துணை நிறுவனம் இருக்கும் நாட்டில் தயாராகாமலும் அங்கே பயன்படாமலும் இருந்தால், லாபம் அந்த நாட்டில் பதிவாவதற்கு வரியைத் தவிர வேறு காரணம் இருப்பது அரிது. ஸ்விஸ் நிறுவனத்தின் 300 டாலர் அப்படியே இந்த வகையில் விழுகிறது. ஆகவே 1962க்குப் பிந்தைய கணக்கில் அந்த 300 டாலரும் அதே ஆண்டில் ஓஹாயோ நிறுவனத்தின் வருமானத்தோடு சேரும். அதற்கு 52 சதவீதம் 156 டாலர். ஸ்விட்சர்லாந்தில் கட்டிய 24 போக, கட்டவேண்டியது 132. மொத்த வரி மறுபடியும் 208 டாலர். ஸ்விஸ் நிறுவனத்தை நடுவில் நிறுத்தியதற்குப் பயனில்லாமல் போகிறது. பிறகு அந்த 276 டாலர் ஈவுத்தொகையாக வரும்போது மறுபடி வரி கிடையாது. ஏற்கெனவே வரி கட்டிய லாபம் என்று அது தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது. இந்தக் கணக்கை ஆண்டுதோறும் ஒழுங்காக வைக்காத நிறுவனங்கள் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்ட நேரிடும்.

இதே ஓஹாயோ நிறுவனம் ஸ்விட்சர்லாந்தில் உண்மையான ஆலை ஒன்றை வைத்து, அங்கேயே இயந்திரம் செய்து ஜெர்மனிக்கு விற்றிருந்தால் இந்த விதி தொட்டிருக்காது. துணை நிறுவனம் கட்டிய வெளிநாட்டு வரி ஏறத்தாழ உள்நாட்டு அளவுக்கே இருந்தாலும் விலக்குக் கேட்கலாம். இன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த எல்லை உள்நாட்டு வரிவிகிதத்தில் பத்தில் ஒன்பது பங்கு. வரி ஏய்க்க இடமே இல்லாத நாட்டில் சந்தேகப்பட வேண்டியதில்லை என்பது காரணம்.

ஓஹாயோ ஆலை 700 டாலருக்கு விற்றதே தவறு, 950 டாலருக்கு விற்றிருக்க வேண்டும் என்று வரித்துறை வாதாடலாமே என்ற கேள்வி இங்கே எழும். வாதாடலாம், அது பரிமாற்ற விலை விதி என்ற தனிச் சட்டம். அதில் அறிமுகமில்லாத இருவர் இதே சரக்குக்கு என்ன விலை பேசியிருப்பார்கள் என்பதை நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் நிபுணர்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். சி.எஃப்.சி. விதிக்கு விலை சரியா தவறா என்ற கவலை இல்லை. 700 என்று போட்டாலும் 950 என்று போட்டாலும் மீதி லாபம் எப்படியும் வீட்டுக் கணக்குக்கே திரும்பிவிடும். விலை விதி முன்வாசல் காவல் என்றால் இது கொல்லைப்புறக் காவல்.

விதி தொடாத லாபம், உதாரணமாக வெளிநாட்டு ஆலையில் விளைந்த லாபம், அங்கேயே தங்கலாம். அதை ஈவுத்தொகையாக எடுக்காமல், தாய் நிறுவனம் துணை நிறுவனத்திடமிருந்து கடனாக வாங்கிக்கொண்டால் என்ன? பணம் கைக்கு வந்துவிடும், பெயர் மட்டும் கடன். 1962 சட்டம் இதையும் நினைத்திருந்தது. துணை நிறுவனம் தன் தாய் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடனை லாபம் வீடு திரும்பியதாகவே எடுத்துக்கொண்டு வரி விதித்தது.

இவ்வளவு கவனமாகக் கட்டிய வேலியில் பெரிய ஓட்டை போட்டது ஓர் எளிமைப்படுத்தல்தான். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தைத் தனி நிறுவனமாகக் கருதுவதா, வேறொரு நிறுவனத்தின் கிளையாகக் கருதுவதா என்று தீர்மானிக்க அமெரிக்க வரித்துறை நீண்ட சோதனை ஒன்றை வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, 1997 முதல் 8832 என்ற எண்ணுள்ள படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும் என்று ஆக்கியது. விளைவு இப்படி இருந்தது. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஜெர்மானிய ஆலை, வரியே இல்லாத ஒரு தீவில் உள்ள தன் சொந்த நிதி நிறுவனத்திடமிருந்து கடன் வாங்கி வட்டி கட்டுகிறது. ஜெர்மனியில் அந்த வட்டி செலவு. லாபம் குறைகிறது, வரி குறைகிறது. தீவில் வட்டிக்கு வரி இல்லை. வட்டி என்பது சப்பார்ட் எஃப் பிடிக்கவேண்டிய முதல் வருமானம். ஆனால் தீவு நிறுவனம் ஜெர்மானிய ஆலையின் கிளை என்று படிவத்தில் குறியிட்டுவிட்டால், அமெரிக்காவின் கண்ணுக்கு ஒரே நிறுவனம் தனக்குத்தானே வட்டி கட்டிக்கொள்வதாகிறது. அப்படி ஒரு வட்டியே இல்லை! 1998இல் இதை அடைக்க நிதித்துறை முயன்றது. எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலை அமெரிக்க வரி வரலாற்றின் விலைமிகுந்த தவறுகளில் ஒன்றாகவே கொள்ளவேண்டும்.

2017 வாக்கில் அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுத் துணை நிறுவனங்களில் வரி கட்டாமல் வைத்திருந்த லாபம் 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டுச் சட்டம் வழியை மாற்றியது. தேங்கிக் கிடந்த பழைய லாபம் முழுவதற்கும், அது வீடு திரும்பியதோ இல்லையோ, ஒரேமுறை வரி. நிறுவனங்களுக்கு ரொக்கமாக இருந்த பகுதிக்கு 15.5 சதவீதம், மற்றவற்றுக்கு 8 சதவீதம். அதோடு, சப்பார்ட் எஃபில் மாட்டாத வெளிநாட்டு லாபத்திலும் பெரும்பகுதிக்குக் குறைந்த விகிதத்தில் ஆண்டுதோறும் வரி என்ற புதிய அடுக்கு ஒன்றும் வந்தது.

அந்த ஒரேமுறை வரி ஓர் இந்திய நிறுவனத்தின் வழியாக அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போனது. பெங்களூருவில் உள்ள கிசான்கிராஃப்ட், சிறு விவசாயிகளுக்கு வேளாண் கருவிகள் விற்கும் நிறுவனம். அதன் பங்குகளில் பெரும்பகுதி அமெரிக்கர்களிடம் இருந்ததால், அமெரிக்கச் சட்டப்படி அது கட்டுப்பாட்டிலுள்ள அயல்நாட்டு நிறுவனம். வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒருவர் 40,000 டாலர் போட்டு அதில் பத்து சதவீதத்துக்கு மேல் பங்கு வாங்கியிருந்தார்கள். நிறுவனம் லாபம் ஈட்டியது; ஈட்டியதைத் தொழிலிலேயே திருப்பிப் போட்டது; ஈவுத்தொகை கொடுக்கவில்லை. 2017 சட்டப்படி அந்தத் தம்பதிக்கு 14,729 டாலர் வரி வந்தது. கையில் வராத பணம் வருமானமே அல்ல, அரசமைப்புச் சட்டம் இப்படிப்பட்ட வரியை அனுமதிக்கவில்லை என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள்.

2024 ஜூனில் ஏழு நீதிபதிகள் வரி செல்லும் என்றும், இருவர் செல்லாது என்றும் கூறினார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பின் காரணம் எளிது. வருமானம் இல்லை என்று சொல்ல முடியாது. நிறுவனம் அதை ஈட்டிவிட்டது. அந்த வருமானத்துக்கு நிறுவனத்திடம் வரி கேட்பதா, அதன் பங்குதாரரிடம் கேட்பதா என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கலாம்; சப்பார்ட் எஃப் உள்படப் பல சட்டங்களில் நீண்டகாலமாக அப்படித்தான் செய்துவருகிறது. நீதிமன்றம் வேறு முடிவு எடுத்திருந்தால் 1962 முதலான ஏற்பாடுகள் பலவும் ஆட்டம் கண்டிருக்கும். இருந்தாலும் அந்தத் தம்பதியின் குறை பொய்யானதல்ல. பெருநிறுவனம் தன் துணை நிறுவனத்தை ஈவுத்தொகை கொடுக்கச் சொல்லி வரியைக் கட்டிவிடும். பத்துச் சதவீதக்காரர் அப்படிக் கட்டளையிட முடியாது. வரியைச் சொந்தப் பணத்திலிருந்துதான் கட்டவேண்டும்.

விதியின் மற்றொரு எல்லையை ஐரோப்பா வகுத்தது. சாக்லேட்டுக்குப் பெயர்பெற்ற பிரிட்டனின் கேட்பரி ஷ்வெப்ஸ், குழுமத்துக்குள் கடன் கொடுக்கும் வேலைக்கென்று அயர்லாந்தின் டப்ளினில் துணை நிறுவனங்களை வைத்திருந்தது. அங்கிருந்த நிதிச்சேவை மையத்தில் வரி 10 சதவீதம். பிரிட்டனில் 1996இல் 33 சதவீதம். பிரிட்டிஷ் வரித்துறை தன் சி.எஃப்.சி. விதியின்கீழ் அந்த ஆண்டுக்கு 86 லட்சம் பவுண்டுக்கு மேல் கேட்டது. வரியைக் குறைக்கத்தான் டப்ளின் போனார்கள் என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஆனால் 2006 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒன்றிய நாடுகளுக்குள் எங்கே வேண்டுமானாலும் தொழில் அமைக்கும் உரிமையை முன்வைத்தது. குறைந்த வரியைத் தேடிப் போவது மட்டும் குற்றமாகாது. அங்கே இடமும் ஆட்களும் கருவிகளும் வைத்து உண்மையாகத் தொழில் நடந்தால் விதியைப் பிரயோகிக்கக் கூடாது. முழுக்கவும் செயற்கையான ஏற்பாடுகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றது. அதன்பின் வந்த பிரிட்டனின் 2013 விதிகளும், 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நடைமுறைக்கு வந்த விதிகளும் இந்த அளவுகோலைத் தாங்கியே எழுதப்பட்டன. பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் அலுவலகமா, ஆட்கள் வேலைசெய்யும் அலுவலகமா என்பதை இன்றைக்கு வரி அதிகாரிகள் சம்பளப் பட்டியலையும் வாடகை ஒப்பந்தத்தையும் வைத்தே பார்க்கிறார்கள்.

இந்தியச் சட்டத்தில் சி.எஃப்.சி. விதி இல்லை. 2010இல் கொண்டுவந்த நேரடி வரிச் சட்ட மசோதாவில் அது இருந்தது; மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அதற்குப் பதிலாக வேறொரு சோதனை 2017 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. வெளிநாட்டில் பதிவான நிறுவனத்தை நடத்தும் முக்கிய முடிவுகள் உண்மையில் இந்தியாவில் எடுக்கப்படுகின்றன என்றால், அது இந்தியாவில் குடியிருக்கும் நிறுவனமாகவே கருதப்படும். ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு இது பொருந்தாது.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பிடிக்கும் விதம் வேறு. சி.எஃப்.சி. விதி லாபத்தில் எளிதில் நகரும் பகுதியை மட்டும் எடுத்துப் பங்குதாரரிடம் வரி கேட்கிறது. இந்தியச் சோதனையில் சிக்கினால் அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் உலக வருமானம் முழுவதும் இந்திய வரிக்குள் வரும். சிக்காவிட்டால் ஒன்றுமே வராது. சிக்காமல் இருக்க, இயக்குநர் குழு உண்மையாகவே சிங்கப்பூரிலோ துபாயிலோ கூடி முடிவெடுத்தால் பெரும்பாலும் போதும். அப்படி ஒழுங்காக நடக்கும் நிறுவனம் வெறும் வட்டியும் ராயல்டியும் மட்டுமே சம்பாதித்தாலும், ஈவுத்தொகை அனுப்பும்வரை தாய் நிறுவனத்துக்கு இந்தியாவில் அதற்கு வரி இல்லை. கூட்டம் எங்கே நடந்தது என்று தேடுவதைவிட, வருமானம் எந்த வகை என்று பார்ப்பது நேர்மையாகத் தொழில்செய்வோருக்கும் அதிகாரிகளுக்கும் தெளிவான வழி.

வெளிநாட்டுத் துணை நிறுவனங்களிலிருந்து வரும் ஈவுத்தொகைக்கு இந்திய நிறுவனங்கள் 15 சதவீதச் சலுகை வரி கட்டும் ஏற்பாடு ஒன்று 2011 முதல் இருந்தது. பணத்தை வீட்டுக்கு அழைத்துவரத் தந்த சலுகை அது. 2022 நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது வீடு திரும்பும் ஈவுத்தொகைக்கு வழக்கமான விகிதம். வெளியிலேயே தங்கும் லாபத்தைக் கேட்கச் சட்டத்தில் விதி இல்லை.